சீசனின் சிறந்த ஆட்டக்காரர்: நான்கு நிமிடப் பேச்சு, நான்கு எண்கள்

கிரிக்கெட் கிளப்பின் ஆண்டு விழாவில் சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது கடைசியாகத்தான் வரும். அதற்குள் மணி ஒன்பதரை ஆகியிருக்கும். சிறந்த பேட்ஸ்மேன், சிறந்த பௌலர், இளம் வீரர் என்று ஒவ்வொரு கேடயத்துக்கும் ஒரு வரிசை எண்களை வாசித்து முடித்திருப்பார்கள். பின்வரிசையில் பிள்ளைகள் தூங்க, சாப்பாட்டுக் கூடத்தின் கதவு பாதி திறந்திருக்கும். அந்த நேரத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "பத்து மேட்ச், 24 விக்கெட், ஆவரேஜ் 13.79, எகானமி 3.57, ஸ்ட்ரைக் ரேட் 23.2" என்று படித்தால் யார் காதிலும் ஏறாது. ஆடுகிறவர்களுக்கு அது தெரிந்த சங்கதி. அவர்கள் வீட்டாருக்கோ 3.57 நல்லதா கெட்டதா என்றே தெரியாது.

இந்தப் பேச்சுக்கு நாலு நிமிடம் போதும், எண்களும் நாலுக்கு மேல் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு எண்ணையும் எதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அதே மூச்சில் வந்துவிட வேண்டும். வேலை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எண்ணிக்கையில் முதலிடம் பிடித்தவரும் சீசனின் சிறந்தவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. 2024 டி20 உலகக் கோப்பையில் அதிக விக்கெட் எடுத்தவர்கள் அர்ஷ்தீப் சிங்கும் ஃபசல்ஹக் ஃபரூக்கியும், ஆளுக்கு 17. பும்ரா எடுத்தது 15. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது பும்ராவுக்குப் போனது. அவர் விட்டுக்கொடுத்தது ஓவருக்கு 4.17 ரன் என்று சொன்னால் காரணம் புரிந்துவிடும், ஏனென்றால் டி20யில் ஏழு, எட்டு ரன் போவது சர்வ சாதாரணம் என்று கேட்பவருக்குத் தெரியும். 2019 ஒருநாள் உலகக் கோப்பையில் 648 ரன்னோடு ரோகித் சர்மா முதலிடத்தில் இருந்தார். விருது 578 ரன் எடுத்த கேன் வில்லியம்சனுக்கு. உங்கள் கிளப்பிலும் இதே நிலை வரும். அதிக ரன் எடுத்தவர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்க, நீங்கள் வேறொருவர் பெயரைச் சொல்லப் போகிறீர்கள். அது ஏன் என்பதற்கான பதில்தான் உங்கள் பேச்சு.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காகப் போட்டவை. பன்னிரண்டு அணிகள் கொண்ட லீக் டிவிஷன், 50 ஓவர் ஆட்டங்கள். ஒவ்வோர் அணிக்கும் பதினோரு மேட்ச். நம் கிளப்புக்கு ஒரு மேட்ச் டாஸ் போடாமலே மழையில் போய்விட்டது. ஆடிய பத்தில் ஏழு வெற்றி, மூன்று தோல்வி. தேர்வுக் குழு ஓர் இடதுகைச் சுழற்பந்து வீச்சாளரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அவர் 92.4 ஓவர் போட்டு, 331 ரன் கொடுத்து, 24 விக்கெட் எடுத்திருக்கிறார். ஒன்பதாவது ஆளாக இறங்கி 143 ரன் அடித்திருக்கிறார். சிறந்த பேட்ஸ்மேன் விருது வாங்கியவர் 412 ரன் எடுத்தவர்.

கணக்கைச் சரிபார்ப்பது

பேச்சை எழுதும் முன் எண்களைச் சரிபார்க்க வேண்டும். அரங்கில் குறைந்தது இரண்டு பேருக்காவது சரியான எண் மனப்பாடமாக இருக்கும். ஒருவர் ஸ்கோரர், இன்னொருவர் விருது வாங்கப் போகிறவர். தப்பாகச் சொன்னால் அவர்கள் முகத்திலேயே தெரிந்துவிடும்.

பெரும்பாலான தவறுகள் ஓவர் கூட்டலில் வருகின்றன. 92.4 என்றால் 92 ஓவரும் நாலு பந்தும். தசமக் கணக்கில் வரும் தொண்ணூற்று இரண்டு புள்ளி நான்கு அல்ல. ஒரு மேட்ச்சில் 9.3, அடுத்ததில் 8.4 என்றால் மொத்தம் 18.1. எக்செல் தாளில் அப்படியே கூட்டினால் 17.7 என்று வரும். அப்படி ஓர் ஓவர் கணக்கு கிரிக்கெட்டிலேயே கிடையாது. புள்ளிக்குப் பின்னால் 6, 7, 8, 9 வந்தால் கூட்டல் தப்பு என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் 0 முதல் 5 வரை வந்தால் தப்பு கண்ணில் படாமல் தப்பித்துவிடும். அதனால் ஒவ்வொரு மேட்ச்சின் ஓவரையும் முதலில் பந்துகளாக மாற்றிவிடுவது நல்லது. ஓவர் A2 கட்டத்தில் இருந்தால்:

```
=INT(A2)*6+ROUND((A2-INT(A2))*10,0)
```

இந்தப் பத்தியைக் கூட்டினால் நம் பௌலர் போட்டது 556 பந்து. எகானமி 331-ஐ 556-ஆல் வகுத்து ஆறால் பெருக்கினால் 3.57. நேரடியாக 92.4-ஆல் வகுத்திருந்தால் 3.58 என்று வந்திருக்கும். இங்கே வித்தியாசம் சிறிதுதான், ஆனால் ஸ்கோரர் கையில் இருப்பது 3.57.

அடுத்தது, எந்த மேட்ச் கணக்கில் சேர்ந்தது என்பது. ஸ்கோரிங் செயலியிலிருந்து ஒருவருடைய மொத்தக் கணக்கை எடுத்தால் பயிற்சி ஆட்டமும், அவர் அலுவலக அணிக்கு ஆடியதும் கலந்து வரலாம். தொடரைத் தேர்ந்தெடுத்து லீக் மேட்ச் மட்டும் எடுக்க வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்ப் பதிவு இருந்து விக்கெட் பாதி இங்கும் பாதி அங்குமாகப் பிரிந்து கிடப்பதும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, மொத்தத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து சரிபார்ப்பது. பத்து மேட்ச்சில் எதிரணிகள் இழந்த விக்கெட் 78. அதில் ரன் அவுட் ஆறு. மிச்சம் 72 நம் பௌலர்களின் கணக்கில் வர வேண்டும். அத்தனை பௌலர்களின் விக்கெட்டையும் கூட்டினால் 72 வரவில்லை என்றால், யாருடையதோ எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

ரன் கணக்கை இப்படி நேராக ஒப்பிட முடியாது. வைடும் நோ-பாலும் பௌலர் தலையில் விழும். பை, லெக் பை விழாது. எதிரணி எடுத்த மொத்தத்தைப் பௌலர்கள் கொடுத்த ரன் என்று எடுத்துக்கொண்டால் எல்லோருடைய எகானமியும் கொஞ்சம் ஊதிவிடும்.

எந்த எண் நிற்கும், எது விழும்

கையில் இப்போது இருபது எண்கள் இருக்கும். அவற்றில் கவர்ச்சியாகத் தெரிவதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மற்ற பௌலர்கள் எல்லோரும் சேர்ந்து ஓவருக்கு 4.60 கொடுத்திருக்கிறார்கள், இவர் 3.57. "இவர் பந்தைத் தொட்டாலே ஓவருக்கு ஒரு ரன் மிச்சம்" என்று ஒரு வரி தானாக நாக்கில் வந்து நிற்கும். கைதட்டலும் வாங்கும். ஆனால் அந்த ஒப்பீடு நியாயமில்லை. நம் சுழற்பந்துக்காரர் பெரும்பாலும் 11-லிருந்து 40-வது ஓவர் வரை போட்டவர். புதுப் பந்தையும் கடைசிப் பத்து ஓவரையும் வேகப்பந்துக்காரர்கள் சுமந்தார்கள். கடைசி ஓவர்களில் ஓவருக்கு எட்டு ரன் போவது அவர்கள் குறை அல்ல. அந்த நடு ஓவர்களில் மட்டும் மற்றவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஸ்கோர் புக்கிலிருந்து பிரித்தெடுத்துப் பார்த்தால் இடைவெளி கணிசமாகச் சுருங்கும். பிரித்தெடுக்க நேரமில்லை என்றால் அந்த வரியே வேண்டாம். முன்வரிசையில் இருக்கும் வேகப்பந்து வீச்சாளர் அதைத் தன்மேல் வைத்த குற்றச்சாட்டாகத்தான் கேட்பார். அவர் கேட்பது சரியும்கூட.

பேட்டிங் சராசரியும் அப்படித்தான். 143 ரன், ஒன்பது இன்னிங்ஸ், ஐந்து முறை நாட் அவுட். சராசரி என்பது ரன்னை அவுட்டான எண்ணிக்கையால் வகுப்பது. ஆக 143-ஐ நாலால் வகுத்தால் 35.75. ஒன்பதாவது ஆளுக்கு 35.75 என்றால் அணியின் தொடக்க ஆட்டக்காரர்கள் சிரிப்பார்கள். இறங்கியபோதெல்லாம் சுமார் 16 ரன் எடுத்தார் என்பதே உண்மை நிலவரம். அது நல்ல பங்களிப்புதான், ஆனால் விருதுக்குக் காரணம் அதுவல்ல. கீழ்வரிசை ஆட்டக்காரரின் சராசரியை மேடையில் சொல்லாமல் இருப்பதே மேல்.

இப்போது நிற்கக்கூடிய எண்ணுக்கு வருவோம். பத்து மேட்ச்சில் நம் அணி போட்டது மொத்தம் 456 ஓவர், அதாவது 2,736 பந்து. இவருடையது 556. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பௌலர்கள் எடுத்த 72 விக்கெட்டில் இவருடையது 24. சரியாக மூன்றில் ஒரு பங்கு. வேலையில் ஐந்தில் ஒன்றைச் செய்து விளைச்சலில் மூன்றில் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். எகானமி ஒப்பீட்டில் இருந்த ஓட்டை இதில் இல்லை. சொல்லப்போனால் தலைகீழ். கடைசி ஓவர்களில் தூக்கி அடிக்கப் போய் விழும் விக்கெட்டுகள் வேகப்பந்துக்காரர்கள் கணக்கில் சேரும். இவர் நடு ஓவரில், நிலைத்து நின்று ஆடுகிறவர்களை அவுட்டாக்க வேண்டியிருந்தது. அப்படியும் பங்கு மூன்றில் ஒன்று. யார் கேள்வி கேட்டாலும் இந்த எண் தாங்கும். கிரிக்கெட் தெரியாத ஒரு பாட்டிக்கும் ஐந்தில் ஒன்று, மூன்றில் ஒன்று என்றால் புரியும்.

அடுத்து ஒரு மேட்ச் வேண்டும். பலரும் இங்கே சிறந்த பந்துவீச்சைத் தேடி ஐந்து விக்கெட் எடுத்த நாளை எடுப்பார்கள். அந்த நாளில் எதிரணி 90 ரன்னுக்குச் சுருண்டிருந்தால் கதையே இல்லை. அவர் மூன்று எடுத்திருந்தாலும் ஜெயித்திருப்போம். தேட வேண்டியது, அவர் இல்லையென்றால் தோற்றிருக்கக்கூடிய மேட்ச்சை. நம் மாதிரிக் கணக்கில் அது 10 ஓவர், 2 மெய்டன், 24 ரன், 1 விக்கெட் என்று பதிவான ஆட்டம். பார்க்கச் சாதாரணம். ஆனால் நாம் எடுத்தது 186 தான். எதிரணி 32 ஓவரில் 3 விக்கெட்டுக்கு 134. பதினெட்டு ஓவரில் 53 ரன் தேவை, கையில் ஏழு விக்கெட். அதன் பிறகு இவர் போட்ட ஐந்து ஓவரில் போனது 9 ரன். அவர்கள் 181-ல் ஆல் அவுட். ஐந்து ரன் வித்தியாசம். இதை ஸ்கோர் கார்டின் கடைசி வரியில் பார்க்க முடியாது. ஸ்கோர் புக்கில் ஓவர் ஓவராக விரல் வைத்துப் பார்க்க வேண்டும். செயலியில் ஓவர் வாரியாகப் பந்து விவரம் இருந்தால் அதில் பத்து நிமிட வேலை.

இடைவெளி சிறியதாக இருந்தால் எண் மனதில் நிற்கும். பிராட்மனின் 99.94 ஏன் எல்லோருக்கும் தெரியும்? 6,996 ரன், 70 முறை அவுட் என்ற வகுத்தலுக்காக அல்ல. 1948-ல் ஓவலில் கடைசி இன்னிங்ஸுக்கு இறங்கியபோது நாலு ரன் எடுத்திருந்தால் நூறு ஆகியிருக்கும், பூஜ்யத்தில் போய்விட்டார் என்பதற்காக. ஐந்து ரன்னில் ஜெயித்த மேட்ச்சுக்கும் அந்த வலு உண்டு.

கடைசி எண் யாரும் தேடிப் பார்த்திராததாக இருந்தால் நல்லது. விக்கெட்டும் ரன்னும் எல்லோருக்கும் தெரியும். ஸ்கோர் புக்கில் நோ-பாலுக்கு வட்டம் போடுவார்கள். இவருடைய வரிசையில் பத்து மேட்ச்சையும் புரட்டினால் ஒரு வட்டம்கூட இல்லை. 556 பந்தில் ஒரு நோ-பால் கிடையாது. விருதுக்குக் காரணம் இது அல்ல. ஆனால் ஆளைக் காட்டுவது இதுதான். இப்படிப்பட்ட எண்ணை வேறு இடங்களிலும் தேடலாம்: பயிற்சி வருகைப் பதிவேடு, விட்ட கேட்ச் எண்ணிக்கை, விக்கெட் கீப்பராக இருந்தால் ஒரு பை கூடப் போகாத இன்னிங்ஸ்கள். நிபந்தனை ஒன்றுதான். எழுதிவைத்த ஆதாரம் இருக்க வேண்டும். "ஒரு நாள் கூட நெட்ஸுக்கு வராமல் இருந்ததில்லை" என்று பதிவேடு இல்லாமல் சொன்னால், அவர் வராத அந்த ஒரு செவ்வாய்க்கிழமை நான்கு பேருக்காவது நினைவிருக்கும்.

பேச்சு

மேடையில் நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 முதல் 100 சொற்கள் போகும். கைதட்டலுக்கும் சிரிப்புக்கும் இடம் விட்டு, எழுதியது 200-லிருந்து 250 சொல்லுக்குள் இருந்தால் நாலு நிமிடத்தைத் தாண்டாது. எழுதும்போதே பேச்சு வழக்கில் எழுத வேண்டும். "வீழ்த்தியுள்ளார்" என்று எழுதிவைத்து மேடையில் "எடுத்திருக்கார்" என்று மாற்றிப் படிக்கப் போனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் தடுமாறும்.

நம் மாதிரிக் கணக்கை வைத்து ஒரு பேச்சு:

"எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்கிற பெரியவங்களை எல்லாம் ஏற்கெனவே வரவேற்றாச்சு. நான் நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

இந்த சீசன்ல நமக்குப் பதினோரு மேட்ச். ஒண்ணை மழை எடுத்துக்கிச்சு. மிச்சம் பத்துல ஏழு நாம எடுத்துக்கிட்டோம். அந்த ஏழுல இங்க உக்காந்திருக்கிற எல்லாருக்கும் பங்கு இருக்கு. அதுல ஒருத்தரோட பங்கை மட்டும் இப்ப சொல்றேன்.

நம்ம டீம் இந்த வருஷம் போட்ட ஓவர்ல இவர் போட்டது அஞ்சுல ஒரு பங்கு. நம்ம பௌலர்ஸ் எடுத்த விக்கெட்டுல இவர் எடுத்தது மூணுல ஒரு பங்கு. இருபத்திநாலு விக்கெட்.

ஆனா நான் சொல்ல வந்த மேட்ச்ல இவர் எடுத்தது ஒரே ஒரு விக்கெட்தான். நாம அடிச்சது நூத்தி எம்பத்தாறு. பத்தாதுன்னு நமக்கே தெரியும். அவங்களுக்குக் கடைசிப் பதினெட்டு ஓவர்ல அம்பத்திமூணு ரன் வேணும். கையில ஏழு விக்கெட் இருக்கு. அவங்க பெஞ்சுல ரெண்டு பேர் பேடையே கழட்டிட்டாங்க. அப்ப கேப்டன் இவரைக் கூப்பிட்டார். அதுக்கப்புறம் இவர் போட்டது அஞ்சு ஓவர். போனது ஒம்பது ரன். இந்தப் பக்கம் ரன் வரலைன்னு அந்தப் பக்கம் அடிக்கப் போனாங்க. அங்க நம்ம பாஸ்ட் பௌலர்ஸ் காத்துக்கிட்டிருந்தாங்க. பேடைக் கழட்டின ரெண்டு பேரும் திரும்ப மாட்டிக்கிட்டு வந்தாங்க. அஞ்சு ரன்ல ஜெயிச்சோம்.

கடைசியா ஒரு நம்பர். ஸ்கோர் புக்கை மொதல் மேட்ச்லேருந்து புரட்டிப் பார்த்தோம். இவர் இந்த சீசன்ல போட்டது ஐநூத்தி அம்பத்தாறு பந்து. அதுல நோ-பால் எத்தனை தெரியுமா? ஒண்ணு கூட இல்லை. நெட்ஸ்ல யாரும் பார்க்காதப்பவும் இவர் கோட்டைத் தாண்டறதில்லை. அது நம்ம எல்லாருக்கும் தெரியும்.

இந்த சீசனோட சிறந்த ஆட்டக்காரர்..."

இங்கே பெயர். பெயருக்குப் பிறகு ஒரு சொல்லும் வேண்டாம். கைதட்டல் எழுந்துவிடும், மேலே பேசினால் யாருக்கும் கேட்காது.

இந்தப் பேச்சில் எகானமி இல்லை, சராசரி இல்லை, 143 ரன்னும் இல்லை. 412 ரன் எடுத்தவரும் இல்லை. அவருக்கு அவர் விருது கிடைத்துவிட்டது. அவர் எண்ணை எடுத்து இன்னொருவர் எண்ணோடு மேடையில் உரசக் கூடாது. அந்தக் குறிப்பிட்ட மேட்ச்சில் 186-க்கு ஏன் சுருண்டோம் என்பதையும் சொல்லவில்லை. "நம்ம டாப் ஆர்டர் சொதப்பின மேட்ச்" என்று ஆரம்பிக்க ஆசையாக இருக்கும். சிரிப்பும் வரும். ஆனால் சொதப்பியவரின் மனைவி மூன்றாவது வரிசையில் இருப்பார். "பத்தாதுன்னு நமக்கே தெரியும்" என்று நிறுத்திக்கொண்டால் பழி எல்லோர் மேலும் சமமாகப் பரவிவிடும். வேகப்பந்துக்காரர்களுக்கு ஒரு வாக்கியம் கொடுத்ததும் யோசித்துத்தான். மிச்ச ஆறு விக்கெட்டை எடுத்தவர்கள் அரங்கில் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டால் கதை அவர்களுக்கே பொய்யாகப் படும்.

பேடைக் கழட்டிய விவரம் யாராவது கண்ணால் பார்த்திருந்தால்தான் வர வேண்டும். பேச்சுக்குச் சுவைக்காக இட்டுக்கட்டினால், அன்று பவுண்டரியில் நின்ற ஃபீல்டர் "அப்படியா?" என்று பக்கத்து ஆளைப் பார்ப்பார். எண்ணைச் சரிபார்ப்பது போலவே இதையும் இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

வாயில் வரும் எண்

காகிதத்தில் 3.57 அழகு. வாயில் "மூன்று புள்ளி ஐந்து ஏழு" என்று வரும்போது கூட்டம் கவனத்தை விட்டுவிடும். எகானமியைச் சொல்லியே தீர வேண்டும் என்று தலைவர் வற்புறுத்தினால் "ஓவருக்கு நாலு ரன்கூட இல்லை" போதும். 23.17 பந்துக்கு ஒரு விக்கெட் என்பதை "நாலு ஓவருக்கு ஒரு விக்கெட்" என்று சொல்லலாம். நாலு ஓவர் 24 பந்து, கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறோம், கூட்டிச் சொல்லவில்லை. வட்டமாக்கும்போது எப்போதும் வீரருக்குப் பாதகமான பக்கம் ஒதுங்கினால் பிறகு யாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் 24 விக்கெட்டை "இருபத்தைந்து போல" என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. எண்ணக் கூடியதை எண்ணித்தான் சொல்ல வேண்டும், வகுத்து வந்ததை மட்டும் வட்டமாக்கலாம்.

கையில் வைத்திருக்கும் அட்டையில் எண்களை எழுத்தால் எழுதிவைப்பது நல்லது, பேச்சில் மேலே இருப்பதைப் போல. மங்கலான மேடை வெளிச்சத்தில் 556-ம் 566-ம் ஒன்றுபோலத் தெரியும். "ஐநூத்தி அம்பத்தாறு" என்று எழுதியிருந்தால் குழப்பமில்லை. ஒரு அட்டைக்கு ஒரு எண், மொத்தம் நாலு அட்டை. மூலையில் வரிசை எண் போட்டு நூலால் கோத்துவிட்டால் கீழே விழுந்தாலும் கலையாது. கைப்பேசியில் வைத்துப் படிப்பவர்களுக்கு நடுவில் திரை அணைந்துவிடும், அல்லது அழைப்பு வரும்.

பெரிய எண்ணுக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். "போனது" என்று சொல்லி நிறுத்தி, பிறகு "ஒம்பது ரன்." தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருவதால் "இவர் ஐந்து ஓவரில் ஒன்பது ரன் மட்டுமே விட்டுக்கொடுத்தார்" என்று எழுதினால் எண் நடுவில் புதைந்து, "விட்டுக்கொடுத்தார்" என்ற நீண்ட சொல்தான் காதில் நிற்கும். எண்ணை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளுங்கள். மேலே உள்ள பேச்சில் "எடுத்தது மூணுல ஒரு பங்கு", "போட்டது அஞ்சு ஓவர்" என்று வருவதெல்லாம் அதற்காகத்தான்.

விழா நாளில்

பெயரைக் கடைசியில் சொல்கிற பேச்சுக்கு முதல் எதிரி விழா ஏற்பாடுதான். கேடயத்தில் பெயர் பொறித்து, மேசையில் கூட்டத்தைப் பார்த்து வைத்திருப்பார்கள். திரையில் விருதாளரின் புகைப்படம் இரண்டு நிமிடம் முன்னாலேயே வந்துவிடும். தொகுப்பாளர் "அடுத்து, சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெறும்..." என்று அழைப்பிலேயே பெயரை உடைத்துவிடுவார். இந்த மூவரிடமும் விழா தொடங்கும் முன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தொகுப்பாளரிடம் இருக்கும் தாளில் அந்தப் பெயரை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

சிறப்பு விருந்தினர் பெரும்பாலும் உங்களுக்கு முன்னால் பேசுவார். அவரிடம் குறிப்பு கொடுக்கும் செயலாளர் உங்கள் நாலு எண்ணையும் நல்ல மனதோடு அதிலேயே எழுதிக் கொடுத்துவிடலாம். நோ-பால் எண்ணை விருந்தினர் சொல்லிவிட்டால் உங்கள் பேச்சின் முடிவு போயிற்று. ஆகவே செயலாளரிடம் அணியின் வெற்றி எண்ணிக்கையை மட்டும் கொடுத்து, வீரரைப் பற்றிய எண்களை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் மாட்டிக்கொண்டால், மாற்று எண் ஒன்று கையில் இருக்க வேண்டும். நம் கணக்கில் அது, ஒன்பது இன்னிங்ஸில் ஐந்து நாட் அவுட். சராசரியாகச் சொல்லாமல் "ஒன்பது தடவை கடைசி நேரத்துல இறங்கினார், அஞ்சு தடவை இவரை அவுட்டாக்க முடியலை" என்று சொன்னால் நியாயமாகவே இருக்கும்.

மேடைக்கு வரும் வீரரைப் பொன்னாடை, கேடயம், புகைப்படம் என்று மூன்று பேர் மூன்று பக்கம் இழுப்பார்கள். நீங்கள் மைக்கை விட்டு இரண்டு அடி தள்ளி நின்றால் அவர் பேசுவதற்கு வழி கிடைக்கும். விருதாளர் வேலை காரணமாக வரவில்லை என்றால் பேச்சைச் சுருக்க வேண்டாம். அவர் அப்பாவோ அண்ணனோ வாங்க வந்திருந்தால் அவருக்குத்தான் "அஞ்சுல ஒண்ணு, மூணுல ஒண்ணு" அதிகம் புரிய வேண்டும்.

13.79-ம் 3.57-ம் வீணாகிவிடவில்லை. அவை ஆண்டறிக்கைக்குப் போக வேண்டியவை. மேட்ச் வாரியான பட்டியலோடு, பந்துக் கணக்கோடு, எல்லா பௌலர்களுக்கும் ஒரே முறையில் போட்டு, விழா முடிந்த அடுத்த வாரமே ஸ்கோரரிடம் கையெழுத்து வாங்கி வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு இதே பேச்சை எழுதப் போகிறவர் ஸ்கோர் புக்கைத் தேடி யார் வீட்டுப் பரணிலும் ஏற வேண்டியிருக்காது.